கிழமைக்கு ஒருக்கா வேலைக் கணக்கு எழுதி வச்சா வருசக் கடைசி அப்ரைசலுக்கு உதவுமா?

குளக்கட்டு | 2024 ஜனவரி 6

போன வருசத்து அப்ரைசல் போம் குடுத்து முடிஞ்சுது, ஆனா மனசு ஆறேல்ல. கிளிநொச்சிப் பக்கம் ஒரு நிறுவனத்தில வாழ்வாதாரத் திட்டத்துக்கு பீல்ட் ஒபிசரா நிக்கிறன். போம்ல ஒவ்வொரு இலக்குக்கும் என்ன செய்தனீங்கள், ஆதாரம் என்ன, உங்களுக்கு நீங்களே 1 முதல் 5 வரைக்கும் எத்தினை போடுவீங்கள் எண்டு கேள்வி. கடைசியில "உங்களுக்குக் கிடைச்ச கருத்துகள் என்ன, அதுக்குப் பிறகு என்ன மாத்தினனீங்கள்" எண்டும் ஒரு பெட்டி.

டிசம்பர் கடைசியில குந்தி யோசிச்சா எனக்கு மாரி காலத்து வேலைதான் ஞாபகம் வருது. மழை, உலருணவு, ரோட்டு வெட்டுப்பட்டது, அதுகள்தான். பெப்ரவரியில இருந்து ஜூன் மட்டும் செய்த சங்கத்து வேலை ஒண்டும் ஒழுங்கா வரேல்ல. மனேஜருக்கும் அப்பிடித்தான் எண்டு நினைக்கிறன், அவரும் நவம்பர் டிசம்பரைப் பற்றித்தான் கதைச்சவர். இந்த வருசம் கிழமைக்கு ஒருக்கா ஏதும் எழுதி வைப்பம் எண்டு யோசனை. ஒவ்வொரு நாளும் டயறி எழுத எனக்குப் பொறுமை இல்ல, அதை இப்பவே சொல்லிப்போடுறன். ஆராவது செய்து பாத்தனீங்களா, என்ன எழுதோணும், எவ்வளவு எழுதோணும்?

மாங்குளம் சந்தி | 2024 ஜனவரி 6

உதுக்கெல்லாம் கொப்பி எதுக்கு தங்கச்சி. வட்சப் குறூப்பில எல்லாம் கிடக்கும், படத்தைத் தேடினா திகதியோட வரும். நான் லீசிங் கம்பனியில கலெக்சன் பாக்கிறன், என்ர வேலையை சிஸ்ரமே எண்ணுது, அப்ரைசலுக்கு அதை பிரிண்ட் எடுத்துக் குடுக்கிறதோட சரி. எழுதிறதெண்டா நல்லதை மட்டும் எழுதுங்கோ. எங்க பிந்தினது, ஆர் பேசினது எண்டெல்லாம் எழுதி வச்சா நாளைக்கு அதைத்தான் உங்களுக்கு எதிரா எடுப்பினம்.

பரந்தன் பழசு | 2024 ஜனவரி 7

நான் முந்தி திட்டங்களில மொனிட்டரிங் பக்கம் வேலை செய்தனான், இப்ப வீட்டில தோட்டம். சந்தித் தம்பி சொன்னதில பாதி சரி. வட்சப்பில படம் கிடக்கும்தான். ஆனா கிடக்கிறது படம், வேலை இல்ல. 30 பேர் கதிரையில இருக்கிற படத்தைப் பாத்து அது கணக்கெழுதுற ரெயினிங்கோ பசளை குடுத்ததோ எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. இன்னொண்டு, அன்ட்ரொயிட் போன்ல வட்சப் சேமிக்கிற படத்தின்ர பேர் IMG-20231212-WA0007 எண்டு வரும், அதில இருக்கிறது படம் அனுப்புப்பட்ட திகதி. நீங்கள் 5ம் திகதி எடுத்து 12ம் திகதி குறூப்பில போட்டா பேரில 12தான் நிக்கும். கமரா வச்ச திகதியையும் இடத்தையும் வட்சப் அனுப்பேக்க கழட்டிப்போடும். ஆதாரம் எண்டு குடுக்கிறதெண்டா எடுத்த போன்ல இருக்கிற படத்தைக் குடுக்கோணும்.

தங்கச்சி, உங்களுக்கு நாலு பெட்டி காணும். என்ன செய்தது, அதால என்ன மாறினது, அதுக்கு ஆதாரம் எங்க கிடக்கு, ஆர் என்ன சொன்னது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கால் மணித்தியாலம். கிழமைக்கு அஞ்சாறு வரிக்கு மேல எழுதத் தொடங்கினா மார்ச்சில விட்டுடுவீங்கள், நான் பாத்த ஆக்கள் எல்லாம் அப்பிடித்தான் விட்டவை. இரண்டாவது பெட்டி முக்காவாசிக் கிழமை வெறுமையாத்தான் இருக்கும். இருக்கட்டும், நிரப்போணும் எண்டு நிரப்பாதேங்கோ. ரெயினிங் குடுத்த கிழமை ஒண்டும் மாறாது, மூண்டு மாசத்தால போய்ப் பாத்தாத்தான் மாறினதோ எண்டு தெரியும். அப்ப திரும்பி வந்து பழைய வரிக்குப் பக்கத்தில திகதி போட்டு எழுதுங்கோ.

மல்லாவி ரீச்சர் | 2024 ஜனவரி 7

இது அதிபர் எழுதிற சம்பவத்திரட்டு மாதிரியே? அதை நாங்கள் எங்கட பாட்டில எழுதேலாது எல்லோ. எங்கட சம்பள ஏற்றப் படிவத்துக்கு இப்பிடி ஒண்டும் கேக்கிறேல்ல, பாடக்குறிப்பும் வரவும் சரியெண்டா கையெழுத்து விழும்.

பரந்தன் பழசு | 2024 ஜனவரி 7

இல்லை ரீச்சர், இது அவ தனக்கு எழுதி வைக்கிற கொப்பி. அதிபருக்கும் சம்பந்தமில்ல, வலயத்துக்கும் சம்பந்தமில்ல.

குளக்கட்டு | 2024 ஜனவரி 12

சீ.ஆர். கொப்பி ஒண்டு வாங்கியாச்சு. எக்செல்ல செய்வம் எண்டுதான் பாத்தனான், ஆனா பீல்டால வாற நாளில லப்டொப் திறக்க மனம் வராது. முதல் வரியைப் போடுறன், பாத்துச் சொல்லுங்கோ.

"ஜன. 8–12. மாதர் சங்கங்களோட கூட்டம், நல்லாப் போனது. ரெயினிங் திட்டம் பற்றிக் கதைச்சது. பிரதேச செயலகம் போனது. மனேஜருக்குத் திருப்தி."

பரந்தன் பழசு | 2024 ஜனவரி 13

தங்கச்சி கோவிக்கக் கூடாது. டிசம்பரில இதை வாசிச்சா உங்களுக்கே ஒண்டும் விளங்காது. எத்தினை சங்கம்? என்ன முடிவெடுத்தது? பிரதேச செயலகம் எதுக்குப் போனனீங்கள், அலுவல் முடிஞ்சுதோ? "மனேஜருக்குத் திருப்தி" எண்டது அவர் சொன்னதோ, நீங்கள் முகத்தைப் பாத்துப் பிடிச்சதோ?

விபரத்தை உங்கடதாத் திருத்தி இப்பிடி எழுதிப் பாருங்கோ: "ஜன. 8–12. 3 மாதர் சங்கத்தோட கூட்டம். கச்சான் செய்யிற ஆக்களுக்குக் கணக்கெழுதுற ரெயினிங், முதல் தொகுதி பெப்ரவரி கடைசி எண்டு முடிவு. கூட்டக் குறிப்பு ஒபிஸ் பைல்ல. பிரதேச செயலகத்தில மண்டபம் கேட்டுக் கடிதம் குடுத்தது, பதில் வரேல்ல. மனேஜர் ஒண்டும் சொல்லேல்ல." கடைசி வசனம் முக்கியம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாத கிழமை, சொல்லேல்ல எண்டே எழுதுங்கோ.

மாங்குளம் சந்தி | 2024 ஜனவரி 13

இது கொப்பியோ வாக்குமூலமோ 😄

குளக்கட்டு | 2024 மார்ச் 9

இவ்வளவு நாளும் ஓடிக்கொண்டிருக்கு, பொங்கல் கிழமை மட்டும் எழுதேல்ல. நேற்று மனேஜரோட வாகனத்தில வரேக்க கனகராயன்குளம் தாண்ட அவர் சும்மா கதைச்சுக்கொண்டு வந்தவர் திடீரெண்டு "உங்கட மாத ரிப்போட் பிந்தித்தான் வருது, கொழும்புக்கு அனுப்ப எனக்குக் கஷ்டமாக் கிடக்கு" எண்டார். 5ம் திகதிக்கு முதல் குடுக்கோணும். ஜனவரி பெப்ரவரி மார்ச் மூண்டும் பிந்தினது உண்மை. இதையும் எழுதிறதோ? சந்தி அண்ணை சொன்னமாதிரி இது எனக்கு எதிரான விசயம் எல்லோ. எழுதாம விட்டா எனக்கு மட்டும் நல்ல ஆளா ஒரு கொப்பி இருக்கும், அது அப்ரைசலுக்கு உதவுமோ எண்டும் யோசனை.

மாங்குளம் சந்தி | 2024 மார்ச் 9

எழுதாதேங்கோ. வாகனத்தில கதைச்சதெல்லாம் அப்ரைசல் இல்ல. அவரே நாளைக்கு மறந்திடுவார்.

பரந்தன் பழசு | 2024 மார்ச் 9

அவர் மறக்க மாட்டார் தம்பி. திகதியைத்தான் மறப்பார். டிசம்பரில "உங்கட ரிப்போட் எப்பவும் பிந்திறது" எண்டு வரும், அப்ப மூண்டு மாசமோ பன்ரண்டு மாசமோ எண்டு ஆர் சொல்லுறது?

தங்கச்சி, அவர் சொன்ன வசனத்தை அப்பிடியே எழுதுங்கோ, எந்த நாள் எங்க வச்சு எண்டதோட. "மனேஜருக்கு என்னில கோவம்" எண்டு எழுதவே வேண்டாம், அது அவர் சொன்னதில்ல. அதுக்குக் கீழ நீங்கள் என்ன செய்யப் போறியள் எண்டு ஒரு வரி. பிறகு அவருக்குச் சின்னதா ஒரு ஈமெயில்: நேற்றுச் சொன்னபடி ஏப்ரல்ல இருந்து 5ம் திகதிக்கு முதல் ரிப்போட் தாறன் எண்டு. வாயால சொன்னது அதோட ரெண்டு பேருக்கும் எழுத்தில வந்திடும். குடுத்த திகதியை நீங்கள் தனியா எழுதி வைக்கத் தேவையில்ல, அனுப்பின ஈமெயில்ல அது கிடக்கும், கொப்பியில "ரிப்போட் ஏப். 4" எண்டு மட்டும் போட்டாக் காணும்.

இன்னொண்டு, கருத்து எண்டா மனேஜர் சொல்லுறது மட்டுமில்ல. சங்கத்துப் பொம்பிளையள் சொல்லுறதையும் எழுதுங்கோ, அவையின்ர பேர் போடாம.

குளக்கட்டு | 2024 மார்ச் 9

பொம்பிளையள் சொன்னது எண்டோணத்தான் ஞாபகம் வருது. பெப்ரவரி ரெயினிங்கில ஒரு அம்மா "பிள்ளை, இந்தக் கணக்குக் கொப்பியில கோடு எல்லாம் நெருக்கமாக் கிடக்கு, எனக்குக் கண் தெரியேல்ல" எண்டவ. நாங்கள் எல்லாரும் சிரிச்சது, நான் எழுதேல்ல. இப்ப எழுதிறன். அடுத்த தொகுதிக்கு வரவு செலவு எண்டு ரெண்டே நிரல், பெரிய கோடு போட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறன்.

பளைப் பெடியன் | 2024 மார்ச் 16

நான் கண்ணிவெடி அகற்றுற பக்கம், முகமாலைப் பக்கம் ரீம் லீடரா நிக்கிறன். எங்களுக்கு ஒவ்வொரு நாளும் எத்தினை சதுர மீற்றர் எண்டு பதியிறது, அதால எனக்குக் கொப்பி தேவையில்ல எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான். ஆனா வருசக் கடைசியில மாசக் கணக்கை அடுக்கி வச்சுப் பாத்தா ஒரு மாசம் விழுந்து கிடக்கும், ஏன் விழுந்தது எண்டு கேட்டா சொல்லத் தெரியாது. நிலம் ஈரமோ, பற்றை அடர்த்தியோ, பழைய இரும்புத் துண்டுகள் கூடவோ, டிடெக்ரர் ஒவ்வொண்டுக்கும் கத்தினா ஒவ்வொண்டையும் கிண்டித்தானே பாக்கோணும். வெடி ஒண்டும் எடுக்காத இடமும் வேலை செய்த இடம்தான், அந்த நிலத்தைக் குடுக்கலாம் எண்டு சொல்லுறதே அந்த வேலையாலதான். கணக்கில அது ஒண்டும் இல்ல. எண்ணிக்கைக்குப் பக்கத்தில நிலம் எப்பிடி இருந்தது எண்டு ஒரு சொல்லு எழுதினாக் காணுமோ பழசு அண்ணை?

பரந்தன் பழசு | 2024 மார்ச் 16

காணும். ஈரம், பற்றை, இரும்பு, ரெயினிங் நாள், ஆள் குறைவு எண்டு அஞ்சாறு சொல்லை வச்சுக்கொண்டு அதுக்குள்ளயே நில்லுங்கோ. ஒவ்வொரு கிழமையும் புதுசு புதுசா எழுதினா பிறகு எண்ணேலாது. சந்தித் தம்பி, உங்கட சிஸ்ரமும் இதுதான். எவ்வளவு வசூல் எண்டு சொல்லும், ஏன் எண்டு சொல்லாது.

மாங்குளம் சந்தி | 2024 மார்ச் 17

வயல் வெட்டு பிந்தினா எங்கட தவணையும் பிந்தும், அது எல்லாருக்கும் தெரியும் அண்ணை, அதை எழுதித்தான் தெரியோணுமோ.

பரந்தன் பழசு | 2024 மார்ச் 17

கொழும்பில இருந்து மாக் போடுற ஆளுக்குத் தெரியுமோ?

குளக்கட்டு | 2024 மே 25

ரெண்டு கிழமை விடுபட்டுப் போச்சு. வற்றாப்பளைப் பொங்கல், பிறகு வெசாக் லீவு. ஞாபகத்தில எழுதலாம்தான், ஆனா எனக்கு நம்பிக்கையில்ல.

பரந்தன் பழசு | 2024 மே 25

வாகன ரன்னிங் சாட், அனுப்பின ஈமெயில், லீவுப் போம் மூண்டையும் வச்சு எழுதுங்கோ. அதில இருக்கிறதை மட்டும். மேல "பிறகு எழுதினது" எண்டு போடுங்கோ. ஆர் என்ன சொன்னது எண்ட பெட்டியை வெறுமையா விடுங்கோ, ரெண்டு கிழமைக்குப் பிறகு மற்ற ஆளின்ர வசனம் எங்களுக்குப் பிடிச்ச மாதிரித்தான் ஞாபகம் வரும்.

குளக்கட்டு | 2024 ஜூன் 29

மாசக் கடைசி வெள்ளியில அந்த மாசத்து வரிகளை வாசிச்சு மூண்டு வரியா ஒரு பக்கத்தில எழுதி வாறன், இது நானே கண்டுபிடிச்சது, உதவியா இருக்கு. நேற்று அப்பிடிக் கூட்டிப் பாக்கேக்க ஒரு சிக்கல். என்ர இலக்கு வருசத்துக்கு 120 பேருக்குக் கணக்கெழுதுற ரெயினிங். பெப்ரவரி 42, மார்ச் 38, ஜூன் 45. கூட்டினா 125. ஒபிஸ்ல எல்லாரும் "ஆறு மாசத்தில முடிச்சிட்டாய்" எண்டு ரீ கேக்கினம். ஆனா மார்ச் வரியில "போன முறை வந்த சில பேர் திரும்ப வந்தவை" எண்டு எழுதிக் கிடக்கு. அப்ப இலக்கு முடிஞ்சுதோ இல்லையோ?

மாங்குளம் சந்தி | 2024 ஜூன் 29

முடிஞ்சுது. வந்தது 125, ரெயினிங் குடுத்தது 125. சாப்பாட்டுப் பாசலும் 125 எல்லோ குடுத்திருப்பீங்கள்.

பரந்தன் பழசு | 2024 ஜூன் 30

சாப்பாட்டுக்கு 125 சரி. இலக்கில "120 பேர்" எண்டுதானே இருக்கு, பேர் எண்டா ஆள்.

வரவுத் தாள்களை ஒரே எக்செல்ல ஒண்டுக்குக் கீழ ஒண்டா அடியுங்கோ. இதை ஒபிஸ் கொம்பியூட்டர்ல மட்டும் செய்யோணும், கொப்பிக்கு வரக்கூடாது. B நிரல்ல ஆளை அடையாளம் காணுறது, C நிரல்ல இதைப் போட்டுக் கீழ இழுத்துவிடுங்கோ:

```
=IF(COUNTIF($B$2:B2,B2)=1,1,0)
```

முதல் தரம் வாற ஆளுக்கு 1, திரும்ப வந்தா 0. C ஐக் கூட்டினா உண்மையான ஆள்க்கணக்கு வரும். B யில பேரைப் போடாதேங்கோ. ஒரே அம்மா ஒரு நாள் தகப்பன்ர முதலெழுத்தோடயும் மற்ற நாள் புருசன்ர பேரோடயும் கையெழுத்து வைப்பா, எக்செல் அவவை ரெண்டு ஆளா எண்ணும். அடையாள அட்டை இலக்கத்தைப் போடுங்கோ. அதிலயும் ஒரு பொறி இருக்கு. பழைய அட்டையில 9 இலக்கமும் V யும், புதுசில 12 இலக்கம். மார்ச்சில பழைய அட்டையோட வந்த ஆள் ஜூனில புது அட்டையோட வந்தா திரும்பவும் ரெண்டு ஆள். பழசை மாத்தலாம், முன்னுக்கு 19 போட்டு, பழைய இலக்கத்தின்ர அஞ்சாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 போட்டு, V ஐ எடுத்துவிட்டா 12 வந்திடும்.

குளக்கட்டு | 2024 ஜூலை 6

செய்தாச்சு. பேரை வச்சு எண்ண 116. அட்டை இலக்கத்தை மாத்தி எண்ண 109. என்ர முகம் போன போக்கு ஒபிஸ்ல எல்லாருக்கும் பகிடி. ரீயும் நான்தான் வாங்கினது. இனி கொப்பியில ரெயினிங் எழுதிற இடமெல்லாம் "வந்தது, அதில புது ஆள்" எண்டு ரெண்டு எண்ணும் எழுதிறன்.

மல்லாவி ரீச்சர் | 2024 ஜூலை 6

பின்னேர வகுப்புக்கு வாற பிள்ளையளையும் இப்பிடித்தான் எண்ணோணும் போல. 60 எண்டு எழுதினம், வாறது எப்பவும் அதே 25.

குளக்கட்டு | 2024 ஒக்டோபர் 19

செப்டம்பரில மீள் ரெயினிங் ஒண்டு, வந்தது 30, புது ஆள் 4. இப்ப 113. இன்னும் 7 பேர். நவம்பரில ஒரு சின்னத் தொகுதி வச்சா முடிஞ்சிடும்.

இந்த மாசம் வீடு வீடாப் போய்க் கணக்குக் கொப்பியைப் பாத்தனாங்கள், மற்ற இலக்குக்கு: ரெயினிங் எடுத்த ஆக்களில 60 வீதம் மூண்டு மாசத்துக்குப் பிறகும் எழுதோணும். 70 பேரைப் பாத்தது, போன மாசத்துக் கணக்கு எழுதியிருந்தது 41 பேர். இது 58 வீதத்துக்கு மேல. இலக்குக்கு ஒட்டினாப்போல வந்திட்டுது, சந்தோசம். கோடு பெரிசாக்கின கொப்பி குடுத்த மார்ச், ஜூன் ஆக்கள்தான் கூட எழுதியிருக்கினம். கண் தெரியேல்ல எண்ட அந்த அம்மாவுக்கும் பிறகு பெரிய கொப்பி ஒண்டு குடுத்தனாங்கள், கச்சான் வித்த கணக்கு வரிக்கு வரி எழுதி வச்சிருக்கிறா.

பரந்தன் பழசு | 2024 ஒக்டோபர் 20

நல்லது. இப்ப கஷ்டமான கேள்வி. அந்த 70 பேர் ஆர்? ஏ9 க்குக் கிட்ட இருக்கிற ஆக்களோ, உள்ளுக்க இருக்கிற ஆக்களோ?

குளக்கட்டு | 2024 ஒக்டோபர் 20

… கிட்ட இருக்கிற ஆக்கள்தான் கூட அண்ணை. உள்ளுக்குப் போற பாதை மோசம், மோட்டச்சைக்கிள்ல ஒரு நாளைக்கு நாலு வீடுதான் பாக்கலாம்.

பரந்தன் பழசு | 2024 ஒக்டோபர் 20

அப்ப அதையும் அதே வரியில எழுதுங்கோ. கிட்ட இருக்கிற ஆக்கள் எங்கட ஒபிசுக்கு வந்துபோறவை, மறந்தா ஞாபகப்படுத்த ஆள் இருக்கு, அதால கூட எழுதியிருப்பினம். உள்ளுக்குப் பாத்தா குறையலாம். 113 பேரில 41 எண்டு சொல்லுறதும் பிழை, மற்ற 43 பேரும் எழுதேல்ல எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. "70 பேரைப் பாத்தது, கூட ரோட்டோரம், 41 பேர் எழுதினம்" எண்டதுதான் உங்களிட்ட உள்ள உண்மை.

பளைப் பெடியன் | 2024 ஒக்டோபர் 20

அண்ணையிட்ட அப்ரைசல் குடுக்கிறதிலும் பாக்கக் கண்ணிவெடி எடுக்கிறது சுகம்.

குளக்கட்டு | 2024 நவம்பர் 30

அந்த 7 பேர் தொகுதி நடக்கேல்ல. முதல் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், பிரதேச செயலக ஆக்கள் எல்லாரும் அந்த வேலையில, மண்டபமும் இல்ல. பிறகு 27ம் திகதி எண்டு வச்சது, உங்களுக்குத் தெரியும்தானே அந்தக் கிழமை வெள்ளத்தை, ஏ.எல். சோதினையையே நிப்பாட்டினவங்கள். அந்தக் கிழமை ஒரே வரிதான்: "வெள்ளம். ரெயினிங் நிப்பாட்டினது, மனேஜருக்கு ஈமெயில் நவ. 26. உலருணவு வேலை, இலக்கில இல்லாத வேலை." இலக்கில இல்லாததுக்கு எங்க மாக் போடுறது எண்டுதான் தெரியேல்ல.

பரந்தன் பழசு | 2024 நவம்பர் 30

தனியா எழுதுங்கோ. ரெயினிங் நடக்காததுக்குக் காரணம் அது, ஆனா ரெயினிங்குக்கு ஈடு இல்ல. அதையும் இதையும் கலந்தா ரெண்டும் நம்பப்படாது.

குளக்கட்டு | 2024 டிசம்பர் 21

போம் நிரப்பிறன். மாசத்துக்கு மூண்டு வரிப் பக்கத்தை மட்டும் பாத்துத்தான் எழுதினனான், சந்தேகம் வந்த இடத்தில மட்டும் கிழமை வரிக்குப் போனது. முதலாவது இலக்குக்கு எழுதினது:

"இலக்கு 120 பேர். 4 தடவை ரெயினிங், மொத்த வரவு 155, திரும்ப வந்தவர்களைக் கழித்து 113 பேர். குறைவு 7. நவம்பர்த் தொகுதி இரண்டு முறை தள்ளிப்போனது (தேர்தல், வெள்ளம், ஈமெயில் நவ. 26). ஆதாரம்: வரவுத் தாள், ஒபிஸ் பைல்."

எனக்கு நான் போட்டது 3. ரிப்போட் நேரத்துக்குக் குடுக்கிறதுக்கு 4 போட்டிருக்கிறன், கருத்துப் பெட்டியில மார்ச்சில அவர் சொன்ன வசனத்தையும் ஏப்ரலுக்குப் பிறகு வந்த திகதிகளையும் எழுதினனான்.

மாங்குளம் சந்தி | 2024 டிசம்பர் 21

155 எண்டு போட்டிருந்தா 5 வாங்கியிருப்பீங்கள். மற்ற ஆக்கள் எல்லாம் அப்பிடித்தான் போடுவினம், அப்ப உங்களுக்குத்தானே நட்டம். இதை மட்டும் ஆரும் விளங்கப்படுத்துங்கோ பாப்பம்.

பரந்தன் பழசு | 2024 டிசம்பர் 22

அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லத் தம்பி. மற்ற ஆள் வரவைப் போட்டு, இவ ஆளைப் போட்டா, ரெண்டையும் ஒரே மேசையில வச்சுப் பாக்கிற மனேஜர் விசயம் தெரிஞ்சவரா இருக்கோணும். அதால 155, 113 ரெண்டையும் எழுதினது நல்லது. வித்தியாசத்தைப் பாத்தா அவர் மற்ற ஆளிட்டயும் கேப்பார். கேக்காமலும் விடலாம்.

குளக்கட்டு | 2025 ஜனவரி 11

நேற்றுக் கூட்டம். 113 ஐப் பாத்திட்டு மனேஜர் "மற்ற ஆக்களின்ரயையும் இப்பிடி எண்ணிப் பாக்கோணும்" எண்டார், அதால ரெண்டு பேர் என்னோட முகம் குடுத்துக் கதைக்கினமில்ல. 3 தான் போட்டவர். ரிப்போட்டுக்கு வரேக்க "நீங்கள் டிசம்பரிலயும் பிந்தினனீங்கள் எல்லோ" எண்டார். வருசத்தில 12 ரிப்போட், பிந்தினது 4: முதல் மூண்டும், வெள்ளத்துக்குப் பிறகு டிசம்பர் 5க்குக் குடுக்க வேண்டியது 11ம் திகதி குடுத்ததும். திகதியளைக் காட்டினன். ஓம் எண்டவர், ஆனா 4 ஐ 3 ஆக்கிப்போட்டார். வெள்ளம் எல்லாருக்கும்தானாம், ஒரு ஈமெயில் முதலே போட்டிருக்கலாமாம். அந்த வசனத்தையும் நேற்றே எழுதிப்போட்டன்.

கொப்பியைக் காட்டேல்ல, அதில இருந்து எடுத்ததைத்தான் காட்டினனான். காட்டியிருக்கலாமோ எண்டு அவர் சும்மா கேட்டமாதிரி இருந்தது.

மாங்குளம் சந்தி | 2025 ஜனவரி 11

காட்டாதேங்கோ. இதில மட்டும் நான் சொல்லுறதைக் கேளுங்கோ.

பரந்தன் பழசு | 2025 ஜனவரி 11

இதில தம்பி சொல்லுறது சரி எண்டு நினைக்கிறன், முழுசா இல்ல. கொப்பி உங்கட. காட்டுறதெண்டு தெரிஞ்சா அடுத்த வருசம் காட்டுறதுக்கு எழுதத் தொடங்கிடுவீங்கள். ஆனா மாசக் கடைசியில எழுதிற அந்த மூண்டு வரியளைச் சேத்து மூண்டு மாசத்துக்கு ஒருக்கா அவருக்கு அனுப்பினா, டிசம்பரில "பிந்தினனீங்கள் எல்லோ" எண்டு கேக்க இடம் குறையும்.

பளைப் பெடியன் | 2025 ஜனவரி 12

எங்கட ரீமில ஒருத்தன்ர கொன்ராக்ட் மார்ச்சில முடியுது. அவன் தன்ர கொப்பியைக் கொண்டு போகலாமோ, ஒபிசில குடுக்கோணுமோ?

பரந்தன் பழசு | 2025 ஜனவரி 12

அதில ஆக்களின்ர பேர், அட்டை இலக்கம், காணி விபரம், வரைபடம் ஏதும் இருந்தா அந்தப் பக்கங்கள் ஒபிசுக்கு. தன்ர வேலையும் தனக்குச் சொன்ன கருத்தும் எண்டா அவன்ர. கொன்ராக்டில என்ன எழுதிக் கிடக்கு எண்டு முதல் பாக்கச் சொல்லுங்கோ, சில இடத்தில வேலை நேரத்தில எழுதின எல்லாம் நிறுவனத்துக்கு எண்டு போட்டிருப்பினம்.

குளக்கட்டு | 2025 ஜனவரி 18

புதுக் கொப்பியில அஞ்சாவதா ஒரு பெட்டி போட்டிருக்கிறன், "தடை". பளைத் தம்பியின்ர முறைதான்: மழை, மண்டபம், வாகனம், ஆள் குறைவு, வேற. இந்தக் கிழமை: வாகனம்.